ஹட்டனில் வாங்கிய மோதிரமும் 390 பவுண்ட்ஸ் கணக்கும்

மகளுக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்க வேண்டும் என்று லண்டனிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன். இலங்கைக்கு, ஊருக்கு வந்து நான்காம் நாள் தங்கச்சியோடு ஹட்டனில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கல்லும் கூலியும் சேர்த்து 1,54,000 ரூபா சொன்னார்கள். கடைக்காரர் பொறுமையான மனிதர். ஐந்தாறு மோதிரங்களைப் பஞ்சு மேல் வைத்து, வாசல் வெளிச்சத்தில் கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

வெளிநாட்டிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பும் ஒருவர், மதுவும் புகையிலையும் போக மற்ற பொருட்களை மொத்தம் 390 பவுண்ட்ஸ் வரை வரியில்லாமல் கொண்டு போகலாம். வரம்பு பவுண்ட்ஸில், பில் ரூபாயில். பக்கத்தில் காசு மாற்றும் கடையின் பலகையில் பவுண்டுக்கு 402 என்று பார்த்திருந்தேன். அதால் வகுத்தால் மோதிரம் 383 பவுண்ட்ஸ். சரிதானே என்று முற்பணம் கட்டப் போனேன்.

தங்கச்சிதான் கையைப் பிடித்தாள். "அண்ணே, அந்தப் பலகையில ரெண்டு நம்பர் இருக்கு. நீங்க எதப் பாத்தீங்க?"

திரும்பிப் போய்ப் பார்த்தேன். 402 என்பது அவர்கள் நமக்குப் பவுண்ட் விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை 388. பெரிய எண்ணால் வகுத்தால் பொருள் மலிவாகத் தெரியும், சிறிய எண்ணால் வகுத்தால் விலை ஏறும். 388 ஆல் வகுத்தபோது அதே மோதிரம் 397 பவுண்ட்ஸ்.

உண்மையில் இரண்டுமே சுங்கத்தின் கணக்கு அல்ல. பிரித்தானியச் சுங்கம் மாதத்துக்கு ஒரு விகிதம் வெளியிடுகிறது. அந்த மாதத்துக்கு அது 392 ஆக இருந்தது. அதன்படி மோதிரம் 392 பவுண்ட்ஸ் 86 பென்ஸ், வரம்பைத் தாண்டியது மூன்று பவுண்ட்ஸுக்கும் குறைவுதான். ஆனால் ஒற்றைப் பொருளின் விலை வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று கிடையாது. முழு விலைக்கும் வரி. 630 பவுண்ட்ஸ் வரையான பொருளுக்குச் சுங்க வரி 2.5 சதவீதம், கிட்டத்தட்ட 10 பவுண்ட்ஸ். அதையும் விலையோடு கூட்டி அதன்மேல் 20 சதவீத வற் வரி, 80 பவுண்ட்ஸ் சொச்சம். மூன்று பவுண்ட்ஸ் தவறுக்குத் தொண்ணூறு பவுண்ட்ஸ், நம் காசில் முப்பத்தைந்தாயிரம் ரூபா!

மனைவியின் 390-ஐயும் என்னுடையதோடு சேர்த்துக்கொள்ளலாமே என்று மச்சான் கேட்டார். முடியாது. வரம்பு ஆளுக்கு ஆள் தனி, ஒரே பொருளை இரண்டு பேர் பெயரில் பிரிக்க வழியில்லை. விரலில் போட்டுக்கொண்டு இறங்கினாலும் அது வெளிநாட்டில் வாங்கிய பொருள்தான். கடைக்காரர் அன்போடு, "வேணும்னா கொறச்சு பில் போட்டுத் தாரேன், சார்" என்றார். வேண்டாம் என்றேன். பொய் விலை காட்டியது தெரிந்தால் மோதிரமே பறிபோகும். அதைவிட, பிள்ளைக்குக் கொடுக்கும் பொருள் அப்படிப் போக எனக்கு மனமில்லை.

வேறொரு மோதிரம், கல் சற்றுச் சிறியது, 1,38,000. சிறிய எண்ணான 388 ஆல் வகுத்தாலும் 356 பவுண்ட்ஸ்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா கட்டி வைத்திருந்த தேயிலை நினைவுக்கு வந்தது. பரிசாகக் கிடைத்ததும் கணக்கில் சேரும். கடை விலைக்கு 12,000 ரூபா, அதாவது 31 பவுண்ட்ஸ். மொத்தம் 387. அக்கா கொடுத்த சேலை மனைவியின் பெட்டிக்குப் போனது. அது அவளுக்குக் கிடைத்தது, அவள் கணக்கிலேயே சேரும்.

அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ரூபாவா, பவுண்ட்ஸா என்று கேட்டது. பவுண்ட்ஸை அமுக்கினால் இயந்திரக்காரரின் மட்டமான விகிதம் விழும். ரூபாயையே அமுக்கினேன், பில்லும் ரூபாயிலேயே கிடைத்தது. பில்லில் கல்லின் விவரம், பொன்னின் நிறை, கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி முத்திரை வைத்துத் தந்தார். இந்த ஊர்க் கடையில் இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை, மனம் நிறைந்து போனது.

வரம்பைத் தாண்டித்தான் போகிறது என்றால், பிரித்தானியாவில் வந்து இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே இணையத்தில் அறிவித்து வரி கட்டலாம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பேரனுக்குச் சொக்லேட் எடுக்க மனைவி கடைக்குள் போனாள். அங்கே வாங்குவதும் 390-க்குள்தான் வரும். என் பக்கத்தில் மூன்று பவுண்ட்ஸ்தான் மிச்சம், அவள் பக்கத்தில் நிறைய இருந்தது. அவளே வாங்கினாள், ரசீதை அவள் கைப்பையிலேயே வைத்தாள்.