ஒரு ∃ போதுமா, ∃∀ வேண்டுமா? சாட்டும் ஃபார்முலா சுருக்கமும்

சாட் கணக்கில் ஒரே கேள்விதான்: ஃபார்முலாவை மெய்யாக்கும் x உண்டா? ∃x. யாராவது ஒரு x-ஐக் கையில் கொடுத்துவிட்டால் போட்டுப் பார்த்து முடித்துவிடலாம், அதனால்தான் கணக்குகளைக் கடினத்தின்படி அடுக்கும் பல்லுறுப்புப் படிநிலையின் முதல் தளத்தில் அது இருக்கிறது.

சுருக்கம் அப்படியில்லை. `(x∧y)∨(x∧¬y)∨(¬x∧y)` என்பதில் ஆறு எழுத்துகள்; இதையே இரண்டு எழுத்தில் எழுத முடியுமா? `x∨y` என்று நான் நீட்டினால், நான்கு வரிசைகளையும் பார்த்து, சரி, ஒத்துப்போகிறது என்பீர்கள். மாறி 60 ஆனால்? விடையைக் கையில் வைத்துக்கொண்டே 2⁶⁰ வரிசைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். கொடுத்த ஃபார்முலா φ, சொன்ன அளவுக்குள் அடங்கும் சுருக்கம் ψ என்றால், இங்கே கேள்வி ∃ψ ∀x [ψ(x)=φ(x)]: எல்லா x-க்கும் φ-யோடு ஒத்துப்போகும் ஒரு ψ உண்டா? இது படிநிலையின் இரண்டாம் தளம், அதாவது Σ₂. இப்படி அல்லதுகளால் கோத்த ஃபார்முலாக்களுக்கு இது Σ₂-முழுமை, அதாவது அந்தத் தளத்தின் மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று, என்று 1998-இல் கிறிஸ்டோஃபர் உமான்ஸ் நிறுவினார்.

வரிசைதான் உயிர். ∀x ∃ψ என்று மாற்றிப் பாருங்கள், கேள்வியே செத்துவிடும்: ஒவ்வொரு x-க்கும் தனித்தனி ψ எடுக்கலாம் என்றால் மெய், பொய் என்ற இரண்டு மாறிலிகளே போதும்.

ஆனால் இரண்டாம் தளம் உண்மையிலேயே கடினமா என்பது நிறுவப்படவில்லை. விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள் P, விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்கக்கூடியவை NP. P=NP என்றால் உள்ளே இருக்கும் ∀x சோதனை எளிதாகிவிடும், அப்புறம் மிஞ்சும் ∃ψ வெறும் NP, அதுவும் P-க்குள் விழுந்துவிடும்.