ஜெர்மன் வாடிக்கையாளருக்குத் தாமதத்தைச் சொல்வது: ஒரே செய்தி, மூன்று வரைவுகள்

கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்று ஜெர்மனியில் உள்ள பம்ப் நிறுவனத்துக்கு 400 வார்ப்பிரும்புக் கேசிங்குகள் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து சரக்கு கிளம்ப ஒப்புக்கொண்ட நாள் 2026 ஏப்ரல் 30, வியாழன். ஏப்ரல் 20 அன்று லீக் டெஸ்ட்டில் ஒரு சிக்கல் தெரிகிறது. ஒரே நாளில் ஊற்றிய 120 கேசிங்குகளில் 34 கசிகின்றன. மற்ற 280 நன்றாக இருக்கின்றன. 120-ஐயும் புதிதாக வார்க்க வேண்டும், அதற்கு மே 15 ஆகிவிடும். மறுநாள் காலை இதை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக எழுத வேண்டும்.

இதை எழுத நம் அலுவலகங்களில் இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றாவது வழி குறைவாகவே கண்ணில் படுகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வரைவு: பழகிய பணிவு

பொருள் வரி: 'உங்கள் ஆர்டர் தொடர்பாக'. உள்ளே: 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி. தவிர்க்க முடியாத சில காரணங்களால் சிறு தாமதம் ஏற்படக்கூடும். எங்கள் குழு இரவு பகலாக முயன்று வருகிறது. விரைவில் அனுப்பிவைப்போம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.'

நம் ஊர் வாடிக்கையாளருக்கு இந்தக் கடிதம் வேலை செய்யும். அவர் படித்ததும் ஃபோனை எடுப்பார், உண்மையான தேதி அந்தப் பேச்சில் வெளிவரும். கடிதம் பேச்சுக்கான வாசல் மட்டுமே என்பது இருவருக்கும் தெரியும்.

ஜெர்மன் கொள்முதல் அலுவலரிடம் அந்தப் புரிதல் இல்லை. அவருக்குக் கடிதம்தான் தகவல். கணினியில் அந்த ஆர்டரைத் திறந்து, பழைய தேதியை அழித்து, புதிய தேதியைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அசெம்பிளி வரிசையின் திட்டம் மாறும். 'விரைவில்' என்று போட அங்கே கட்டம் இல்லை. 'சிறு தாமதம்' இரண்டு நாளா இரண்டு வாரமா என்று தெரியாமல் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியாது.

'தவிர்க்க முடியாத காரணங்கள்' இன்னும் மோசம். ஆலைக்குக் காரணம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மறைக்கிறது என்றே அவர் படிப்பார். 'முயல்கிறோம்' என்ற சொல்லும் நாம் நினைக்கும் பொருளைத் தருவதில்லை. நமக்கு அது அக்கறை. அவருக்கு அது 'நடக்காமலும் போகலாம்' என்ற எச்சரிக்கை.

இந்த வரைவு தோற்றதைப் பதிலே காட்டிவிடும். 'சரியான தேதி என்ன?' என்று ஒற்றை வரி வரும். அதற்கும் மழுப்பலாகப் பதில் போனால், அதே கேள்வி இரண்டாம் முறை வரும், இந்தத் தடவை அவருடைய மேலாளரும் நகலில் இருப்பார். நம் பக்கத்தில் பத்துப் பேரை நகலில் வைப்பது சாதாரணம். அங்கே மேலாளர் நகலில் வந்துவிட்டால் விஷயம் ஒரு படி மேலே போய்விட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாம் வரைவு: கடன் வாங்கிய கறார்

'ஜெர்மானியர்கள் நேரடியாகப் பேசுபவர்கள்' என்று பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வருபவர்கள் எழுதுவது இது. 'லாட் தாமதம். லீக் டெஸ்ட்டில் தோல்வி. புதிய தேதி பிறகு சொல்லப்படும்.' விளிப்பு இல்லை, வணக்கம் இல்லை, வருத்தம் இல்லை.

கறாராகத் தெரிகிறதே தவிர, முதல் வரைவில் இல்லாத தேதி இதிலும் இல்லை. அதோடு மரியாதையும் போய்விட்டது. ஜெர்மன் வணிகக் கடிதம் விஷயத்தில்தான் நேரடி. வடிவத்தில் அது நம் கடிதத்தைவிடவும் சம்பிரதாயமானது. பெயருக்கு முன் ஹெர் அல்லது ஃபிராவ், முனைவர் பட்டம் இருந்தால் அதையும் சேர்த்துக் குடும்பப் பெயர், முடிவில் 'மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்' என்ற வழக்கமான வணக்கம். 'நீ', 'நீங்கள்' போல அவர்களுக்கும் 'டு', 'ஸீ' என இரண்டு உண்டு, வேலைக் கடிதத்தில் 'ஸீ'தான் இயல்பு. தமிழருக்கு இது புரியாத விஷயமே அல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அவர்களாக முதல் பெயரில் கையெழுத்திடும் வரை நாமும் குடும்பப் பெயரிலேயே விளிப்பது நல்லது.

ஜெர்மனில் 'ஸாஹ்லிஷ்' என்று ஒரு சொல் உண்டு. விஷயத்தை ஒட்டி, ஆளைத் தொடாமல் பேசுவது என்று பொருள். 'இந்த அளவு தவறு' என்று அவர் எழுதினால் அது அளவைப் பற்றியது, எழுதியவரைத் திட்டுவது அல்ல. நாம் பதிலுக்கு எழுதும்போது அந்த ஸாஹ்லிஷ் தன்மையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வரைவு: தேதி முதலில், காரணம் அடுத்து, முடிவு அவர் கையில்

பொருள் வரியிலேயே செய்தி இருக்கும்: 'ஆர்டர் எண், 400 கேசிங்: 120 தாமதம், KW 18-இலிருந்து KW 20-க்கு'. உள்ளே, பெயரோடு விளிப்பு. பிறகு:

'400 கேசிங்குகளில் 280 ஒப்புக்கொண்டபடி ஏப்ரல் 30 அன்று கிளம்பும். மீதி 120 மே 15, வெள்ளி அன்று கிளம்பும். இந்தத் தாமதத்துக்கு வருந்துகிறோம்.

காரணம்: நேற்றைய லீக் டெஸ்ட்டில் ஒரு நாள் வார்ப்பான 120-இல் 34 கசிந்தன. கோர் மேல் பூசிய பூச்சு முழுதாகக் காயவில்லை. அந்த ஈரம் உருகிய இரும்பில் வாயுவாகி நுண்துளைகளை விட்டது. 120-ஐயும் ஒதுக்கிவிட்டோம். உலர்த்தும் அடுப்பின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றியாயிற்று.

உங்கள் முடிவு தேவை: (அ) 280-ஐ முதலில் அனுப்பலாமா, (ஆ) மே 15 வரை நிறுத்தி 400-ஐயும் சேர்த்து அனுப்பவா? ஏப்ரல் 23, வியாழன், ஜெர்மன் நேரம் பகல் 12 மணிக்குள் சொன்னால் 280-க்கான கப்பல் இடத்தை உறுதிசெய்துவிடுவோம்.'

'வருந்துகிறோம்' ஒரே ஒரு முறை வருகிறது. மூன்று முறை எழுதினால் மன்னிப்பு மும்மடங்காவதில்லை, அவர் தேடும் தேதி நாலு வரி கீழே போய்விடுகிறது. KW என்பது ஆண்டின் வார எண். ஜெர்மன் கொள்முதலில் நாளைவிட வாரம்தான் பேச்சில் அதிகம் வரும். அந்த எண்ணை எக்செலில் எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமான `WEEKNUM` ஜனவரி 1 விழும் வாரத்தையே முதல் வாரம் என்று கணக்கிடும். ஜெர்மன் கணக்குக்கு இதைப் பயன்படுத்த வேண்டும்:

```
=ISOWEEKNUM(A2)
```

2026-இல் ஏப்ரல் 27 திங்கள் இரண்டு முறையிலும் 18-ஆம் வாரத்திலேயே விழுகிறது, அதனால் தவறு தெரியாது. 2027-இல் இரண்டும் ஒரு வாரம் விலகும். வார எண்ணுக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

நேரத்தோடு கெடு வைப்பது நமக்கு அதிகாரம் போலத் தோன்றும். வாடிக்கையாளருக்கே கெடுவா என்று தயங்குவோம். அவருக்கோ அது உதவி. எப்போது வரை யோசிக்கலாம், அதற்குப் பின் எது கை நழுவும் என்பது தெரிகிறது. ஏப்ரலில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே பகல் 12 என்றால் இங்கே மாலை 3.30.

இந்த வரைவில் முதலாளிகளுக்கு ஒரு பயம் உண்டு: காரணத்தை எழுதினால் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகுமே, அபராதம் கேட்டால்? பயத்தில் நியாயம் உள்ளது. ஆனால் ஜெர்மன் சட்டம் பொருந்தும் ஒப்பந்தத்தில் நாள் காலண்டர் தேதியாகக் குறிக்கப்பட்டிருந்தால், நினைவூட்டல் இல்லாமலேயே அந்த நாள் தாண்டியதும் தவணை தவறியதாகிவிடும் என்பது அவர்களின் குடிமைச் சட்டம் பிரிவு 286. மழுப்பலான கடிதம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நடந்ததை மட்டும் எழுதுங்கள். செலவு யாருடையது, இழப்பீடு உண்டா என்பதை இந்தக் கடிதத்தில் தொடாமல் தனியாக, ஒப்பந்தத்தைப் பார்த்தவர் எழுதட்டும்.

ஒன்றை மட்டும் எந்த வரைவிலும் மறைக்கக் கூடாது. கசியும் வார்ப்புகளை ரெசின் ஏற்றி அடைக்கும் முறை இருக்கிறது. அப்படி அடைத்து 120-ஐயும் ஏப்ரல் 30-க்கே அனுப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வாடிக்கையாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதைச் செய்து, பின்னால் அவர் வெட்டிப் பார்த்தால், இரண்டு வாரத் தாமதத்தைப் பொறுத்தவர் அதைப் பொறுக்கமாட்டார். விரும்பினால் அதை (இ) என்று மூன்றாம் தெரிவாகவே கடிதத்தில் கேளுங்கள்.

பதில் வந்த பிறகு

மூன்றாம் வரைவுக்குப் பதில் பெரும்பாலும் வறட்சியாகவே இருக்கும். நன்றி கூட இல்லாமல் 'தெரிவு (அ). மே 15-ஐ உறுதிசெய்யவும்' என்று வரலாம். கோபம் என்று எண்ண வேண்டாம். திட்டவில்லை என்றாலே பாராட்டியதுதான் என்று தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வேபியப் பக்கத்தில் பழமொழியே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது வேறொரு வாக்கியம்: 'உங்கள் தகவலைக் குறித்துக்கொண்டோம்.' ஜெர்மனில் இது வழக்கமான தொடர். படித்துவிட்டோம் என்று மட்டுமே பொருள், புதிய தேதிக்குச் சம்மதம் என்பதல்ல. 'மே 15-ஐ ஏற்கிறீர்களா, உறுதிசெய்ய முடியுமா?' என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். இதே விபத்து எதிர்த்திசையிலும் நடக்கிறது. அவர் ஏதோ கேட்க, நாம் 'ஷ்யூர்', 'நோட்டட்' என்று எழுதுகிறோம். நமக்கு அது 'காதில் விழுந்தது'. அவருக்கு அது வாக்குறுதி, தேதியோடு கணக்கில் ஏறிவிடும். முடியுமா என்று தெரியாதபோது, 'வார்ப்புப் பிரிவிடம் கேட்டு நாளை பகலுக்குள் சொல்கிறேன்' என்று எழுதி, நாளை பகலுக்குள் சொல்லிவிட வேண்டும்.

எது எங்கே

ஜெர்மனிக்கு மூன்றாம் வரைவுதான், தயக்கமே வேண்டாம். ஆஸ்திரியாவுக்கும் அதுவே, ஆனால் பட்டங்களை விடாமல் எழுத வேண்டும். அங்கே மகிஸ்டர், பொறியாளர் பட்டம் எல்லாம் பெயரோடு ஒட்டியே வரும். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் தொனி ஒரு சுற்று மென்மை. அவர்கள் 'இதை ஒருவேளை மறுபடி பார்க்கலாமோ' என்று எழுதினால் அது பல நேரம் உறுதியான மறுப்பு. அங்கே முதல் வரைவின் நல விசாரிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்கலாம். தேதியும் எண்ணும் மட்டும் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் வரைவுக்கு இந்த மூன்று நாட்டிலும் இடமில்லை.

நம் உதாரணத்தில் இன்னும் ஒரு தேதி பாக்கி. 2026 மே 14, வியாழன், ஜெர்மனி முழுக்க விடுமுறை. கிறிஸ்து விண்ணேற்ற நாள் அது. மறுநாள் வெள்ளியையும் பலர் விடுப்பாக எடுத்துவிடுவார்கள். மே 15 அன்று கிளம்பும் 120-க்கான லீக் டெஸ்ட் அறிக்கையையும் பேக்கிங் பட்டியலையும் அன்று அனுப்பினால் திங்கள் வரை யாரும் திறக்கமாட்டார்கள். மே 13, புதன், ஜெர்மன் நேரம் பகலுக்குள் அவை அவர் பெட்டியில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆலையில் லீக் டெஸ்ட் மே 12, செவ்வாய் மாலைக்குள் முடிய வேண்டும்.