தூரத்து மலை திசை சொல்லும், பக்கத்து மேடு இடம் சொல்லும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பழைய புகைப்படத்தில் தெரியும் மலைமுகடுகளின் விளிம்புக் கோட்டினை, நிலத்தின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு உயரம் என்று பதிந்துவைத்திருக்கும் கணினிக் கோப்பான நில உயர மாதிரியோடு பொருத்தி, படம் எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். முதல் ஓராண்டு, முகடுகளின் பெயரைக் காட்டும் ஒரு செயலியையும் கூகுள் எர்த்தையும் மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறினேன். பிறகுதான் முறை பிடிபட்டது. அதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் படம்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1974இல் இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் அவருடைய அப்பா நிற்கிறார். பின்னால் சிறிய மேடு ஒன்று, அதற்கும் பின்னால் நீண்ட மலைத்தொடர். "வீட்டை இடித்துவிட்டார்கள் தம்பி. எந்த இடம் என்று எனக்கே இப்போது தெரியவில்லை," என்றார்.

படத்தை ஸ்கேன் செய்ததும் முதலில் பார்ப்பது இடவலம் மாறியிருக்கிறதா என்பதைத்தான். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட படத்தின் முகட்டுக் கோடு உலகத்தில் எந்த மலையோடும் பொருந்தாது. புடவை முந்தானை எந்தத் தோளில் விழுகிறது, சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் படம் சரியாகவே இருந்தது.

பின்னால் இருந்த தொடர் தொட்டபெட்டா. 2637 மீட்டர் உயரமுள்ள அதன் அகன்ற தலையையும், தெற்கே இறங்கும் ஒரு கணவாயையும் கிழக்கிலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அடையாளம் தெரியும். உச்சியை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஓர் இடத்திலிருந்து உச்சி தெரிகிறதென்றால், உச்சியிலிருந்து அந்த இடமும் தெரியும். ஆகவே பார்ப்பவரை உச்சியில் நிறுத்தி, 1.6 மீட்டர் உயரக் கண்களுக்கு உச்சி தெரியக்கூடிய இடங்களை எல்லாம் கணினியிடம் கேட்டேன். உயரக் கோப்பை மீட்டர் அளவிலான ஆயங்களுக்கு முன்பே மாற்றிவைத்திருக்க வேண்டும். நீலகிரிக்கு அந்த ஆய முறையின் எண் EPSG:32643. கீழே உள்ளது GDAL என்ற இலவச மென்பொருளின் கட்டளை.

```
gdal_viewshed -ox X -oy Y -oz 2 -tz 1.6 -md 20000 dem_utm.tif out.tif
```

X, Y என்பவை உச்சியின் ஆயங்கள். -oz உச்சியில் நிற்பவரின் உயரம், -tz கீழே இருப்பவரின் கண் உயரம், -md எவ்வளவு தூரம் வரை தேடுவது என்பது, எல்லாம் மீட்டரில். கணவாய்க்கும் இதையே செய்து இரண்டு முடிவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டுக்கும் பொதுவான நிலம் மட்டும் மிஞ்சும். அதில் பெரியம்மா நினைவில் வைத்திருந்த தோட்டப் பிரிவுக்குள் அடங்கியது ஒரே ஒரு சரிவு. அங்கிருந்து தொட்டபெட்டா சுமார் 12 கிலோமீட்டர்.

அடுத்தது அளவுகோல். பழைய படத்துக்கு எந்த லென்ஸ் என்று தெரியாது. ஸ்டூடியோக்காரர் ஓரங்களை வெட்டியுமிருப்பார். ஆனால் அந்தச் சரிவிலிருந்து பார்த்தால் உச்சிக்கும் கணவாய்க்கும் இடையே கோணம் 9 டிகிரி, படத்தில் அதே இடைவெளி 414 பிக்சல். ஆக ஒரு டிகிரிக்கு 46 பிக்சல். தூரத்து மலையே நமக்கு அளவுகோலாகிவிடுகிறது. இந்த அளவு படத்தின் நடுப்பகுதிக்குப் பொருந்தும், ஓரங்களில் சற்று நீளும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நாம் பக்கவாட்டில் 100 மீட்டர் நகர்ந்தால், 12 கிலோமீட்டரில் இருக்கும் தொட்டபெட்டா அரை டிகிரிதான் அசையும். 900 மீட்டரில் இருக்கும் முன் மேடு ஆறு டிகிரிக்கு மேல் அசையும். அதாவது தூரத்துத் தொடரை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் இடம் கிடைக்காது, திசைதான் கிடைக்கும். இடத்தைச் சொல்வது முன் மேடு. முதல் ஆண்டில் நான் தூரத்து உச்சிகளின் மீதே கண்ணை வைத்திருந்தேன். அந்த உழைப்பெல்லாம் வீண்.

கூகுள் எர்த்தில் அந்தச் சரிவின் ஓர் இடத்தில் நின்று பார்த்தேன். மேட்டின் இடது தோள், தொட்டபெட்டாவை ஒப்பிடப் படத்தில் உள்ளதைவிட 2 டிகிரி இடப்பக்கம் தள்ளியிருந்தது. நாம் இடப்பக்கம் நகர்ந்தால் பக்கத்துப் பொருள் வலப்பக்கம் நகரும். கணக்குப்படி 35 மீட்டர் தெற்கே நகர்ந்தேன், தோள் சரியாக வந்து உட்கார்ந்தது.

ஆனால் உயரம் ஒத்துவரவில்லை. மாதிரியில் மேட்டின் வலப்பாதி, படத்தில் இருப்பதைவிட 70 பிக்சலுக்கு மேல் நிமிர்ந்து நின்று தொட்டபெட்டாவின் அடியை மறைத்தது. அப்படியானால் படம் எடுத்தவர் இன்னும் மேலே நின்றிருக்க வேண்டும் என்று எண்ணி, சரிவில் 25 மீட்டர் ஏற்றினேன். வலப்பாதி பொருந்திவிட்டது. மறுநாளே அங்கே போய்ப் பார்த்தேன். ஆள் நிற்கவே இடமில்லாத செங்குத்து. யாரும் அங்கே வீடு கட்டியிருக்க முடியாது.

திரும்பி வந்து மாதிரியைக் கூர்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. மேட்டின் கோட்டில் நடுவே திடீரென உயரும் ஒரு படி இருந்தது. படிக்கு இடப்புறம் தேயிலை, வலப்புறம் யூகலிப்டஸ் எனும் கற்பூர மரக் காடு. 1974 படத்தில் அந்தப் பக்கம் வெறும் புல். இலவசமாகக் கிடைக்கும் உயர மாதிரிகளில் முக்கியமான இரண்டு ரேடாரால் அளந்தவை. எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் விண்கலம் 11 நாட்களில் அளந்தது, கோப்பர்நிக்கஸ் மாதிரி அதற்குப் பிந்திய செயற்கைக்கோள் அளவு. இரண்டும் அடர்ந்த காட்டில் மண்ணைத் தொடுவதில்லை. மர உச்சியையோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிலம் என்று எழுதிக்கொள்கின்றன. 900 மீட்டர் தூரத்தில் 25 மீட்டர் மரம் என்றால் 1.6 டிகிரி, நம் படத்தில் 73 பிக்சல். எனக்கு இடித்த அளவு அதேதான்.

இந்தப் பிழையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாம் நிற்கும் இடம் தவறென்றால் முன் மேடு முழுவதும் ஒன்றாக ஏறும், இறங்கும், அல்லது நகரும். மரத்தால் வந்த பிழையென்றால் காடு இருக்கும் துண்டு மட்டும் தூக்கி நிற்கும், காட்டின் எல்லையில் படி விழும். இப்போதெல்லாம் முன் மேட்டில் தேயிலை உள்ள பகுதியை மட்டும் பொருத்துகிறேன். இடுப்பளவுச் செடி கணக்கைக் கெடுக்காது. சீகை, கற்பூர மரம் போன்ற உயர்ந்த மரங்கள் உள்ள பகுதியைத் தொடுவதில்லை. மரங்களைக் கழித்துத் தயாரித்த FABDEM என்ற மாதிரியும் 2022 முதல் கிடைக்கிறது. வணிகம் அல்லாத பயனுக்கு இலவசம். அதைப் போட்டுப் பார்த்தபோது படி பெரும்பாலும் கரைந்துவிட்டது.

இன்னொரு குறையை எந்த மாதிரியாலும் தீர்க்க முடியவில்லை. இவை 30 மீட்டர் கட்டம் ஒன்றுக்கு ஓர் உயரத்தைத்தான் வைத்திருக்கின்றன, அதில் கூரான பாறை மழுங்கிவிடும். ரங்கசாமி மலைக்கு அருகே நிற்கும் தூண் பாறை இந்த மாதிரிகளில் வெறும் புடைப்பாகத்தான் தெரிகிறது. அதனால் கூர்முனைகளை விட்டுவிட்டு அகன்ற தோள்களையும் கணவாய்களையும் பிடிப்பதே நல்லது.

25 மீட்டரைத் திரும்ப இறக்கி, தேயிலைத் தோளை மட்டும் வைத்துப் பொருத்தியபோது கிடைத்த புள்ளி, சரிவின் இடையில் இருந்த ஒரு சிறிய சமதளத்தில் விழுந்தது. பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தேயிலைக்கு நடுவே இரண்டு கருங்கல் படிகள் இருந்தன. அவர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "இது எங்கள் வாசல் இல்லை தம்பி, அடுத்த வீட்டு வாசல். எங்களுடையது அதோ, அந்தச் சில்வர் ஓக் மரத்தடியில்," என்றார். நடந்து அளந்தேன், பதினெட்டுக் காலடிகள்.