ஸ்கேனரின் தானியங்கித் திருத்தமா, கைத்திருத்தமா?

மங்கிய கல்யாணப் படத்தை ஸ்கேனரிலேயே தூசி நீக்கம், நிறச் சீரமைப்பு இரண்டையும் இயக்கி எடுத்தால் வேலை சில நிமிடங்களில் முடியும். ஆனால் ஸ்கேனருக்குத் தூசியும் மூக்குத்தியும் ஒன்றுதான். இரண்டுமே சிறு வெள்ளைப் புள்ளிகள். கண்ணின் ஒளிப்புள்ளியும் சேர்ந்தே போகலாம். பழைய பழுப்புச் சாயலும் வெறும் சாம்பலாகிவிடலாம்.

கைத்திருத்தம் என்றால் 600 டிபிஐ, 16 பிட்டில் எந்தத் திருத்தமும் இல்லாத ஸ்கேன் வேண்டும். அதைப் படத்திருத்த மென்பொருளில் 100 சதவீத அளவில் பார்த்து, பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டும் குளோன் தூரிகையால் புள்ளிகளை ஒவ்வொன்றாக மூட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். பிறகு இருளையும் வெளிச்சத்தையும் சீரமைக்கும் கர்வ்ஸ் கருவியில் இருள் முனையை உள்ளே நகர்த்தினால் கூந்தலின் கறுப்பு திரும்பும். வெளிர் முனையை அதிகம் நகர்த்தினாலோ வேட்டியின் மடிப்புகள் வெளுத்து மறையும்.

முகத்துக்கும் நகைக்கும் கைதான். பின்னணிச் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூசி வடிகட்டியிடம் விட்டுவிடலாம்.