ஆறு ஆண்டுகளாக லாட் கணக்கு: லீஸ்ட் யூனிட் காஸ்ட்டும் பார்ட் பீரியட் பேலன்சிங்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. எங்களிடம் வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த எட்டு வாரத்துக்கான தேவைப் பட்டியலை அனுப்பும். அதில் ஒரு வாரத்து எண் அடுத்த வாரத்து எண்ணைப் போல இருக்காது. எந்த வாரம் எவ்வளவு அடித்து வைப்பது என்ற கேள்விக்கு முதல் இரண்டு ஆண்டுகள் லீஸ்ட் யூனிட் காஸ்ட் முறையைப் பயன்படுத்தினேன். கடந்த நான்கு ஆண்டுகளாகப் பார்ட் பீரியட் பேலன்சிங்கைப் பயன்படுத்துகிறேன். இரண்டையும் தினமும் கையாண்டவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒரே ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இதற்கு டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, மாற்றினால் எங்களுக்கு 1800 ரூபாய் செலவு. இரண்டு மணி நேரம் பிரஸ் நிற்பது, டை செட்டரின் கூலி, முதலில் வரும் கழிவுத் துண்டுகள், ஆய்வு எல்லாம் இதில் அடக்கம். பிராக்கெட்டின் மதிப்பு 60 ரூபாய். வங்கிக் கடன் வட்டி, இடம், துருத் தடுப்பு எண்ணெய், தூக்கி வைக்கும் கூலி என்று ஆண்டுக்கு 26 சதவீதம் போட்டால், ஒரு பிராக்கெட்டை ஒரு வாரம் வைத்திருக்க 30 பைசா ஆகிறது. எட்டு வாரத் தேவை இப்படி வந்தது: 600, 400, 500, 3600, 400, 500, 600, 3000.

லீஸ்ட் யூனிட் காஸ்ட் முறையில், முதல் வாரத்து லாட்டோடு, அதாவது ஒரே தடவையில் சேர்த்து அடிக்கும் அளவோடு, அடுத்தடுத்த வாரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தச் செலவை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிராக்கெட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்பது தெரியும். அந்த எண் இறங்கும்வரை சேர்த்துக்கொண்டே போய், ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முதல் வாரம் மட்டும் என்றால் 3 ரூபாய். இரண்டு வாரம் சேர்த்தால் 1.92. மூன்று வாரத்துக்கு 1.48. நான்காவது வாரத்தையும் சேர்த்தால் 1.07. ஐந்தாவதைச் சேர்த்தால் 1.08 என்று மெல்ல ஏறுகிறது. ஆகவே முதல் வாரத்திலேயே நான்கு வாரத்துக்கும் சேர்த்து 5100 பிராக்கெட் அடிக்க வேண்டும் என்பது விடை.

நானும் அப்படியே அடிக்கச் சொன்னேன். கிரேட் பெட்டிக்கு 50 வீதம், நான்காவது வாரத்துக்கான சரக்கு மட்டும் 72 கிரேட். ஸ்டோர்ஸில் இடம் போதாமல் பிரஸ்ஸுக்குப் பின்னால் நடைபாதையை ஒட்டி அடுக்கினார்கள். மூன்றாவது வாரம் சனிக்கிழமை வந்த பட்டியலில் 3600 என்பது 2200 ஆகிவிட்டது. மீதி 1400 பிராக்கெட், அதாவது 28 கிரேட், நடைபாதையிலேயே நின்றது. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கீழ் வரிசைக் கிரேட்டுகளில் எண்ணெய் வடிந்துபோய், துளைகளின் விளிம்பில் செந்நிறப் புள்ளிகள் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்து, மறுபடி எண்ணெயில் முக்கி அனுப்பினோம்.

அப்போது எங்கள் டை செட்டர் அண்ணன் கேட்டது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "தம்பி, இந்த டையை மூன்று வாரமாக நான் தொடவே இல்லை. ஒரு தடவை மாற்ற எனக்கு இரண்டு மணி நேரம்தானே ஆகும்? அதை மிச்சம் பிடிக்கவா இவ்வளவு சரக்கு?" அவர் கணக்குத் தாளைப் பார்த்ததில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நான்காவது வாரத்து 3600 பிராக்கெட்டை மூன்று வாரம் முன்னதாகவே அடித்து வைத்திருக்க 3240 ரூபாய் ஆகிறது. அதனால் மிச்சமாகும் ஒரு டை மாற்றம் 1800 ரூபாய். 1800ஐ மிச்சப்படுத்த 3240 செலவழித்திருக்கிறேன்.

கணக்கு இதை ஏன் காட்டவில்லை என்று யோசித்தபோதுதான் முறையின் அடிப்படைக் குறை புரிந்தது. வகுக்கும் எண்ணிக்கை 1500இலிருந்து 5100 ஆகும்போது, செலவு இரண்டரை மடங்கு ஆனாலும் சராசரி இறங்கத்தான் செய்யும். பெரிய தேவை வரும் வாரம் தன் எண்ணிக்கையாலேயே சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. ஆனால் அந்த வாரத்து 3600 எப்படியும் விற்கப்போகிற சரக்கு. எந்த லாட்டில் அடித்தாலும் எட்டு வார மொத்தம் 9600தான். நாம் குறைக்க வேண்டியது எட்டு வாரத்தின் மொத்தச் செலவை. லாட்டுக்கு லாட் கிடைக்கும் மலிவான சராசரி அதைக் காட்டுவதில்லை. இதே முறை ஐந்தாவது வாரத்தில் மறுபடி 4500 அடிக்கச் சொல்கிறது. எட்டாவது வாரத்து 3000ஐயும் மூன்று வாரம் முன்னால் இழுத்துவிடுகிறது. இரண்டு டை மாற்றம், மொத்தச் செலவு 10,470 ரூபாய்.

பார்ட் பீரியட் பேலன்சிங் வகுத்தலையே விட்டுவிடுகிறது. 1968இல் டிமாட்டிஸ் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் விளக்கிய முறை இது. டை மாற்றும் செலவை ஒரு வார வைப்புச் செலவால் வகுத்தால், 1800ஐ 0.30ஆல் வகுக்க, 6000 கிடைக்கிறது. ஒரு பிராக்கெட்டை ஒரு வாரம் வைத்திருப்பது ஓர் உருப்படி-வாரம் என்றால், 6000 உருப்படி-வாரம் ஒரு டை மாற்றத்துக்குச் சமம். லாட்டில் சேரும் உருப்படி-வாரங்கள் இந்த 6000க்கு மிக அருகில் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் அடிப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாவது வாரத்து 400 ஒரு வாரம் காத்திருக்கும்: 400. மூன்றாவது வாரத்து 500 இரண்டு வாரம் காத்திருக்கும்: 1000. சேர்த்தால் 1400. நான்காவது வாரத்து 3600 மூன்று வாரம் காத்திருந்தால் 10,800. கூட்டுத்தொகை 12,200 ஆகிவிடுகிறது. 6000இலிருந்து 1400 இருக்கும் தொலைவு 4600, 12,200 இருக்கும் தொலைவு 6200. ஆகவே மூன்று வாரத்தோடு நிறுத்தி 1500 அடித்தால் போதும். நான்காவது வாரம் டையை ஏற்றி ஏழாவது வாரம்வரைக்கும் 5100, எட்டாவது வாரம் 3000. மூன்று டை மாற்றம், மொத்தம் 6780 ரூபாய். இந்த எண்களுக்கு இதைவிடக் குறைந்த செலவுள்ள திட்டம் இல்லை. சாத்தியமான பிரிவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதற்காக லீஸ்ட் யூனிட் காஸ்ட் எல்லா இடத்திலும் தவறும் என்று சொல்லமாட்டேன். வாரா வாரம் 1500 என்று சீராகப் போகும் ஒரு வாஷர் எங்களிடம் உண்டு. இதே செலவுகளை வைத்துப் பார்த்தால் அதற்கு இரண்டு முறைகளும் மூன்று வார லாட்டையே சொல்கின்றன. தேவை மேலும் கீழும் குதிக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. எங்களுக்கு வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை குதிப்பவை.

பார்ட் பீரியட் பேலன்சிங்குக்கு மாறியதும் பிரச்சினை எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அதிலும் ஒரு ஓட்டை தெரிந்தது. புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மேலே உள்ள பட்டியலில் நான்காவது வாரம் 3600க்குப் பதில் 3000 என்று வைத்துப் பாருங்கள். மூன்று வாரம் காத்திருந்தால் 9000, கூட்டுத்தொகை 10,400. 6000இலிருந்து அதன் தொலைவு 4400. 1400இன் தொலைவு 4600. எனவே 10,400தான் அருகில், நான்காவது வாரத்தையும் சேர்த்துக்கொள் என்கிறது விதி. சேர்த்தால் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வைப்புச் செலவு 2700 ரூபாய்.

அதைவிடக் கொடுமை, அதனால் ஒரு டை மாற்றம்கூட மிச்சமாவதில்லை. ஐந்து முதல் ஏழாவது வாரம்வரையிலான 1500க்கு ஐந்தாவது வாரத்தில் எப்படியும் டையை ஏற்றித்தான் ஆக வேண்டும். எட்டாவது வாரத்துக்கு இன்னொரு முறை. மூன்று மாற்றம் மூன்றாகவே இருக்கிறது, மொத்தச் செலவு 9030 ஆகிறது. நான்காவது வாரத்தில் ஏற்றியிருந்தால் 6780தான். 'மிக அருகில்' என்ற சொல் 6000ஐத் தாண்டிப்போவதையும் அனுமதிப்பதால் வரும் நட்டம் இது. டிமாட்டிஸின் முறையிலேயே முன்னோக்கியும் பின்னோக்கியும் சரிபார்க்கும் படிகள் உண்டு. பல எக்செல் தாள்களில் அவற்றை விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருந்தேன்.

இப்போது ஒரே ஒரு சோதனையை முன்னால் வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துத் தேவையை, அது காத்திருக்கப்போகும் வாரங்களால் பெருக்கினால் 6000ஐத் தாண்டுகிறதா என்று முதலில் பார்ப்பேன். தாண்டினால், கூட்டுத்தொகை எவ்வளவு அருகில் இருந்தாலும் அந்த வாரத்திலிருந்து புது லாட். அந்த வாரத்துக்காகத் தனியாக டை மாற்றுவதே மலிவு என்பதைத்தான் இந்தப் பெருக்கல் சொல்கிறது. டை செட்டர் அண்ணன் அன்று கேட்ட கேள்வியும் இதுவேதான்.

எந்தப் பாகம் எப்போது கையைக் கடிக்கப்போகிறது என்பதை ஸ்டோர்ஸைச் சுற்றி வந்தாலே தெரிந்துகொள்ளலாம். கிரேட்டில் கட்டியிருக்கும் அட்டையில் அடித்த தேதியும் அனுப்ப வேண்டிய வாரமும் இருக்கும். நான்கு வாரத்துக்கு மேல் இடைவெளி உள்ள அட்டைகள் ஒரே பாகத்தில் கூட்டமாக நின்றால், அந்தப் பாகத்தின் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் பெரிய வாரம் ஒன்று முன்னால் இழுக்கப்பட்டிருக்கும்.

இரண்டு முறைகளுக்கும் தெரியாதது பிரஸ்ஸின் நேரம். நான்காவது வாரம் அந்தப் பிரஸ்ஸில் வேறு பாகங்களும் நிரம்பியிருந்தால் 5100ஐ அந்த வாரமே அடித்து முடிக்க முடியாது. அப்போது மீறும் அளவை மட்டும் மூன்றாவது வாரத்துக்குக் கையால் நகர்த்துகிறேன். முதல் வாரம்வரை முன்னால் இழுப்பதில்லை.

மழைக்காலத்துக்குத் தனி எண் வைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மறு எண்ணெய்க்கும் துரு நீக்கும் கூலிக்கும் சேர்த்து வைப்புச் செலவை 40 பைசாவாக எடுத்துக்கொள்கிறேன். 6000 அப்போது 4500 ஆகிறது, லாட்டுகள் தாமாகவே சிறுத்துவிடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் வந்தபோது, எங்கள் தரையில் இருந்த பிராக்கெட் அந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உரியது மட்டுமே. மேல் தட்டுகளுக்கு ஏற்றி வைக்க நான்கு பேருக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது.