சுரோவா, போர்ராவா? நடுவில் மாவு வேகாமல் நிற்பது எதில்?

மாட்ரிட்டில் காலையில் கெட்டியான சூடான சாக்லேட்டோடு எண்ணெயில் பொரித்த இரண்டு வகை மாவுப் பலகாரம் கிடைக்கும். விரல் பருமனில் வரிவரியாக இருப்பது சுரோ. அதைவிட நன்றாகத் தடித்து, வழவழவென்று இருப்பது போர்ரா. வீட்டில் பொரிக்க என் ஓட்டு சுரோவுக்குத்தான். ருசிக்காகச் சொல்லவில்லை, நடுப்பகுதிக்காகச் சொல்கிறேன்.

சுரோ மாவில் மைதா, ஏறக்குறைய அதே எடைக்குக் கொதிநீர், உப்பு, அவ்வளவுதான். பொங்க வைக்க எதுவும் இல்லை. அதனால் சூடு வெளியிலிருந்து நடுவரை ஊர்ந்துதான் போக வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். 1 செ.மீ. குழலில் பிழிந்தது 185 டிகிரி எண்ணெயில் 3–4 நிமிடத்தில் வெந்துவிடும். 2 செ.மீ. தடிமனில் பிழிந்தால் மேலே பொன்னிறமாகும்போது உள்ளே பசைதான் இருக்கும். முட்டையும் சர்க்கரையும் சேர்த்த மாவு இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் அது சீக்கிரமே சிவந்துவிடும்.

அப்படியென்றால் போர்ரா எப்படி வேகிறது? அதன் மாவு இன்னும் தளர்வானது. சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ சேர்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அகன்ற சட்டியில் பெரிய சுருளாகப் பிழிவார்கள். எண்ணெயில் வாயு விரிந்து உள்ளே குகைபோல வெற்றிடமாகிவிடும். பார்க்கத் தடிமன், ஆனால் வேக வேண்டிய மாவு மெல்லிய சுவர்தான். ஆனால் ஒட்டும் மாவையும் அவ்வளவு பெரிய சுருளைத் திருப்புவதையும் வீட்டு அடுப்பில் சமாளிப்பது கஷ்டம்.

சோடா போடாமல் தடியாகப் பிழிந்து, சூட்டைக் குறைத்துப் பொரிப்பவர்களும் உண்டு. 160 டிகிரியில் நடு வெந்துவிடும், சரி. ஆனால் அதற்குள் மேல்தோல் கடினமாகிவிடும், எண்ணெயும் கூடுதலாக ஏறும். மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

எந்தத் தடிமனானாலும் சுரோவுக்கு நட்சத்திரக் குழல் வேண்டும். பள்ளங்கள் இருப்பதால் மையம் மேற்பரப்புக்கு நெருக்கமாகிறது. வழவழப்பான உருளையாகப் பிழிந்தால் தோல் இறுகி, உள்ளே ஆவி அடைபட்டு, வெடித்துச் சூடான எண்ணெய் தெறிக்கலாம். பிழியும் பையில் காற்றுக்குமிழி இல்லாமல் மாவை அமுக்கி நிரப்புவதும் இதற்காகத்தான்.

நான்கைந்துக்கு மேல் ஒரே நேரத்தில் போட்டால் எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கும். முறுக்குபோலக் குமிழி முழுதாக அடங்கும்வரை காத்திருக்கவும் கூடாது, உள்ளே ஈரம் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். முதலில் வெந்ததை ஒடித்துப் பாருங்கள். சிறு துளைகளோடு மென்மையாக இருந்தால் சரி. பளபளவென்று ஒட்டினால் அடுத்ததற்குச் சிறிய குழலை எடுங்கள். அது இல்லாமல் 1.5 செ.மீ. குழல்தான் கைவசம் என்றால் 175 டிகிரிக்கு இறக்கி 5–6 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் தடிமன் வேண்டுமென்றால் சோடா போட்ட போர்ரா மாவுதான் வழி.