செம்பூரில் அப்பாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

மெல்போர்னிலிருந்து மூன்று வாரம் மும்பை வந்திருந்தேன். அப்பாவின் டாக்டர் ஏழு டெஸ்ட் எழுதியிருந்தார். வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் ஏசிஆர். செம்பூரில் எங்கள் தெருமுனை லேபில் 1,499 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ்.

"எண்பத்து மூணு டெஸ்ட்டாம்டா, விடாதே" என்றார் அப்பா.

அந்த எண்பத்து மூன்றை வரிவரியாகப் பார்த்தேன். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி என்ற ஒரே டெஸ்ட்டே இருபதுக்கு மேற்பட்ட வரிகளாக நிற்கிறது. கொலஸ்ட்ராலில் வரும் விஎல்டிஎல், விகிதங்கள் எல்லாம் அளந்தவை அல்ல, மற்ற எண்களை வைத்துப் போட்ட கணக்கு. அதனால் எத்தனை டெஸ்ட் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். ஐந்து இருந்தன. சாப்பிட்ட பின் சுகரும் ஏசிஆரும் இல்லை. நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது ஏசிஆர்தான், அதை விட முடியாது.

தனித்தனியாக எடுத்தால் ஏழுக்கும் 2,510. பேக்கேஜோடு ஏசிஆர் 600, சுகர் 90 சேர்த்தால் 2,189. ஆக, லாபம் 321 ரூபாய். அம்மாவுக்கும் அதே பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியது டிஎஸ்எச், சிபிசி மட்டும், தனியாக 650. அதையே எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க 150. இது ஆளுக்கல்ல, நடைக்கு. அதனால் இருவருக்கும் ஒரே காலையில் வரச் சொன்னேன். சாப்பிட்ட பின் சுகருக்கு மறுபடி வந்தால் இன்னொரு 150 என்றார்கள். 90 ரூபாய் டெஸ்ட்டுக்கு!

ஆறரைக்கு வரவேண்டிய பையன் எட்டேகாலுக்கு வந்தான். அதுவரை அப்பா காபிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். சுகருக்குச் சாம்பல் மூடி, எச்பிஏ1சிக்கும் சிபிசிக்கும் ஊதா மூடி, மற்றவைக்கு மஞ்சள் மூடி என்று குழாய்களில் பெயர் ஒட்டினான். பிறகுதான் சிறுநீர் டப்பாவை நீட்டினான். ஏசிஆருக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது, அப்பாவோ ஐந்து மணிக்கே போய்விட்டார். டப்பாவை முந்தைய நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சுகருக்கு அந்தப் பையன் திரும்ப வரவில்லை. முதல் இட்லியை வாயில் வைத்த நேரத்தை அப்பா காலண்டரில் குறித்தார்: 8.50. 10.50க்கு லேபில் இருக்கும்படி நாங்கள் இருவரும் நடந்தே போனோம். மறுநாள் காலை நான் போனபோது கையில் அந்த டப்பாவும் இருந்தது.